குறிஞ்சிப் படத்துக்கு லேபிளும் வாட்டர்மார்க்கும் போட்டது

கொடைக்கானலில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம், அப்புறம் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு அறையும் தோட்டமும் வியூவும் எடுத்துக் கொடுப்பது, இதுதான் வேலை. போன வருஷம் தெரிந்த அக்கா ஒருவர் தன் ஹோம்ஸ்டேக்கு காலண்டர் அடிக்க ஒரு குறிஞ்சிப் படம் கேட்டார். 2018-ல் மன்னவனூர் போகும் வழியில் நான் எடுத்தது ஒன்று இருந்தது. சரிவு முழுக்க நீலம், ஆனால் இடது கீழ்ப்பக்கம் மண் சரிந்து செம்மண் தெரியும், நடுவில் ஒரு மின்கம்பம், வலது ஓரத்தில் யாரோ சுற்றுலா வந்தவர்களின் குழந்தை. எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் ஏஐ நிரப்பியை வைத்து மூன்றையும் எடுத்துவிட்டேன். செம்மண் இருந்த இடத்தில் அது பூவை நிரப்பிக் கொடுத்தது. படம் அழகாக வந்தது, காலண்டரும் அடித்தாகிவிட்டது.

ஆனால் அக்கா அதே படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தார். அங்கிருந்து யாரோ எடுத்து "கொடைக்கானலில் இப்போது குறிஞ்சி பூத்திருக்கிறது" என்று எழுதி அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றி, ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வயதான பாட்டியையும் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கிவிட்டது. அக்கா போன் செய்தார்.

"தம்பி, வந்தவங்க போனைக் காட்டி இந்த இடத்துக்கு வழி கேக்கறாங்க. பூ எங்கப்பா இருக்கு? நான் என்ன சொல்றது?"

குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. 2018-ல் பூத்த அந்தச் சரிவு இனி 2030-ல்தான். அதை அவர்களிடம் சொன்னேன், வருத்தப்பட்டார்கள், மன்னிப்பும் கேட்டேன். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அவர்கள் போனில் இருந்த அந்தப் படத்தை வாங்கித் திறந்து பார்த்தபோது, இது என்னுடையது, 2018-ல் எடுத்தது, ஒரு பகுதிப் பூவை மென்பொருள் நிரப்பியது என்று காட்ட அந்தக் கோப்புக்குள் ஒன்றுமே இல்லை. எடுத்த தேதிகூட இல்லை. என் கையை விட்டுப் போகும் எந்தத் திருத்திய படமும் இனி இப்படிப் போகக்கூடாது என்று முடிவு செய்து மூன்று வாரம் இதிலேயே உட்கார்ந்தேன்.

முதலில் லேபிள். 2021-ல் அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட், இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய சி2பிஏ என்ற அமைப்பு இதற்கு ஒரு தரநிலை வைத்திருக்கிறது. படம் எங்கிருந்து வந்தது, அதில் என்னென்ன செய்தார்கள் என்ற விவரத்தை ஒரு சின்னப் பத்திரமாக எழுதி, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, படக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுவது. கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ் என்று சொல்வது இதைத்தான். கேமரா படத்தோடு எழுதிவைக்கும் சாதாரண எக்ஸிஃப் விவரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றியதும் தெரியாது. இதில் அப்படி முடியாது. படத்தின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் ஒன்று பத்திரத்துக்குள் இருக்கும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் ஒத்துப்போகாது, சரிபார்க்கும் கருவி உடனே சொல்லிவிடும்.

இதற்கு c2patool என்று ஒரு இலவசக் கட்டளைக் கருவி இருக்கிறது. என்ன செய்தோம் என்பதை ஒரு ஜேசன் கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். என் கோப்பின் முக்கியமான பகுதி இதுதான்:

```json
{
  "action": "c2pa.edited",
  "digitalSourceType": "http://cv.iptc.org/newscodes/digitalsourcetype/compositeWithTrainedAlgorithmicMedia"
}
```

அந்த நீளமான முகவரியின் கடைசிச் சொல்தான் விஷயம். பத்திரிகைப் படங்களுக்கான விவரத் தரநிலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஐபிடிசி வகுத்த பட்டியலிலிருந்து வருவது. முழுப் படமும் ஏஐ உருவாக்கியது என்றால் trainedAlgorithmicMedia. நிஜப் படத்தில் ஒரு பகுதியை மட்டும் ஏஐ நிரப்பியது என்றால் நான் போட்டிருப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. என் படத்தில் முக்கால்வாசி நிஜப் பூ. முழுக்க ஏஐ என்று போட்டால் 2018-ல் அந்தச் சரிவு பூத்ததே பொய் என்று ஆகிவிடும்.

கட்டளை இது:

```
c2patool kurinji_edit.jpg -m kurinji.json -p kurinji_2018.jpg -o kurinji_final.jpg
```

-p என்பதற்குப் பின்னால் திருத்தாத மூலப்படத்தைக் கொடுக்கிறோம். அப்போது பத்திரத்துக்குள் "இந்தப் படம் அந்தப் படத்திலிருந்து வந்தது" என்ற தொடர்பும் சேர்ந்துவிடும். சரிபார்க்க `c2patool kurinji_final.jpg` என்று மட்டும் அடித்தால் போதும், எல்லா விவரமும் திரையில் கொட்டும்.

இங்கே ஒரு பெரிய தப்புச் செய்ய இருந்தேன். வந்த விவரத்தைப் படித்துக்கொண்டே போனபோது மூலப்படத்துக்கான சிறுபடம் ஒன்றும் உள்ளே இருப்பதாகக் காட்டியது. பிரித்தெடுத்துப் பார்த்தால், வலது ஓரத்தில் நான் அழித்த அந்தக் குழந்தை தெளிவாக நிற்கிறது. மூலப்படத்தைச் சேர்த்தால் கருவி தானாகவே அதன் சிறுபடத்தையும் உள்ளே வைத்துவிடுகிறது. மின்கம்பத்தை எடுத்தது தெரிந்தால் பரவாயில்லை, தெரியத்தான் வேண்டும். ஆனால் யாருடைய முகமாவது வேண்டாம் என்று எடுத்த படத்தில் அந்த முகமே கோப்புக்குள் ஒளிந்து போகிறது என்றால் அது பெரிய தப்பு. இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், ஆள் இருக்கும் மூலப்படத்தை முதலில் ஓரம் வெட்டி, ஆள் இல்லாத பகுதியை மட்டும் தனிக் கோப்பாகச் சேமித்து, அதைத்தான் -p-க்குக் கொடுக்கிறேன். இதைச் செய்யப் போகிறவர்கள் முதல் கோப்பிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொந்தச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் c2patool தன்னோடு வரும் சோதனைச் சான்றிதழை வைத்துக் கையெழுத்துப் போடும், இது சோதனைக்கு மட்டும் என்று எச்சரிக்கையும் காட்டும். நம்பகப் பட்டியலில் உள்ள சான்றிதழ் இல்லாவிட்டால் சரிபார்க்கும்போது signingCredential.untrusted என்று வரும். கையெழுத்துக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதை அது காட்டும், கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதை அது யாருக்கும் உறுதி செய்யாது. என் அளவில் ஒரு ஸ்டுடியோவுக்கு இப்போதைக்கு இதுதான் நிலை.

சரி, லேபிள் போட்டாயிற்று என்று அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் போனிலிருந்து திரும்ப எனக்கு அனுப்பச் சொல்லி, வந்த கோப்பில் c2patool ஓட்டினேன். ஒன்றும் இல்லை. பத்திரமே இல்லை. காரணம் எளிது. ஜேபெக் கோப்பில் இந்தப் பத்திரம் படப் புள்ளிகளோடு கலந்து இருப்பதில்லை, ஏபிபி11 என்ற தனிப் பகுதியில் தலைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது அதைப் பிரித்து, அளவைக் குறைத்து, புதிய ஜேபெக்காகச் சுருக்கி எழுதுகிறது. என் 6000 புள்ளி அகலப் படம் 1600-ஆக வந்து சேர்ந்தது. புதிதாக எழுதும்போது புள்ளிகள் மட்டும்தான் வரும், எக்ஸிஃப், பத்திரம் எல்லாம் கழன்றுவிடும். டாகுமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஒரு பைட்கூட மாறாமல் போகிறது, பத்திரமும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஸ்டேட்டஸ் வைக்கிறவர்களும் குழுவில் தள்ளிவிடுகிறவர்களும் டாகுமென்டாக அனுப்ப மாட்டார்கள்.

அதனால் புள்ளிகளுக்குள்ளேயே ஏதாவது இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்குக்கு வந்தது இப்படித்தான்.

முதலில் எடுத்தது invisible-watermark என்ற பைதான் தொகுப்பு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானபோது அது உருவாக்கும் படங்களில் குறி வைக்கப் பயன்படுத்தியது இதைத்தான், அதனால் நம்பி எடுத்தேன். அதில் dwtDct என்ற முறை வேகமானது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் அலைவரிசை எண்களில் ஒன்றை லேசாக நகர்த்தி, அந்த நகர்வில் ஒரு பிட்டை ஒளித்துவைக்கும். கணினியிலேயே எழுதிக் கணினியிலேயே படித்தால் என் எட்டு எழுத்துக் குறி அப்படியே வந்தது. வாட்ஸ்அப் போய்த் திரும்பியதில் வெறும் குப்பை எழுத்துகள். அளவு மாறியதும் கட்டங்களின் எல்லை நகர்ந்துவிடுகிறது, எழுதிய இடத்தில் படிக்க ஆளில்லை. இந்த முறை அளவு மாற்றத்தைத் தாங்காது.

அதைவிட எனக்குப் பிடிக்காதது இன்னொன்று. குறியே வைக்காத ஒரு படத்தைக் கொடுத்தாலும் அது ஏதோ எழுத்துகளைப் படித்துக் கொடுக்கிறது. குறி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அதற்கு வழியில்லை. யாரோ ஒருவரின் படத்தைப் பார்த்து "இதில் குறி இருக்கிறது" என்று சொல்ல வேண்டிய வேலைக்கு இது ஆகாது.

அடுத்து டிரஸ்ட்மார்க். அடோபியின் ஆய்வுப் பிரிவு வெளியிட்டது, திறந்த மூலம். இது நரம்பியல் வலையால் செய்கிறது. படத்தை உள்ளுக்குள் 256-க்கு 256 அளவுக்குச் சுருக்கி, அந்தச் சின்னப் படத்தின் மேல் என்ன மாற்றம் வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த மாற்றத்தை மட்டும் பெரிதாக்கி உங்கள் முழு அளவுப் படத்தின் மேல் மெல்லியதாகப் பூசுகிறது. படிக்கும்போதும் எந்த அளவில் வந்த படமானாலும் முதலில் அதேபோல் ஒரு சின்ன அளவுக்குச் சுருக்கித்தான் பார்க்கும். 6000 புள்ளி 1600 ஆனதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மொத்தம் 100 பிட்டு இடம். அதில் ஒரு பகுதி பிழைதிருத்தத்துக்குப் போக, சாதாரண அமைப்பில் 61 பிட்டு மிஞ்சும், அதாவது எட்டு ஆங்கில எழுத்து. பிழைதிருத்தம் சரியாகக் கூடினால் மட்டும் "குறி உண்டு" என்று சொல்லும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும். எனக்கு வேண்டியது இதுதான்.

நிறுவ ஒரு ராத்திரி ஆனது. இது ஓடத் தேவையான பைடார்ச் தொகுப்பு பெரிய கோப்பு, எங்கள் பக்கம் மழை பிடித்தால் நெட்டும் மின்சாரமும் மாறி மாறிப் போகும். கிராபிக்ஸ் அட்டை இல்லாத என் பழைய கணினியில் ஒரு படத்துக்குச் சில விநாடிதான் ஆகிறது, அதனால் தனி வன்பொருள் எதுவும் வாங்கவில்லை.

```python
from trustmark import TrustMark
from PIL import Image
tm = TrustMark(verbose=True, model_type='Q')
img = Image.open('kurinji_edit.jpg').convert('RGB')
out = tm.encode(img, 'KDK18F07')
out.save('kurinji_wm.jpg', quality=95)
```

எட்டு எழுத்தில் என்ன எழுதுவது? முதலில் "AI EDIT" என்று எழுதலாமா என்று யோசித்தேன். அது வீண். என்ன திருத்தினேன், எந்த வருஷப் படம் என்பதெல்லாம் எட்டு எழுத்தில் அடங்காது. லாண்டரியில் சட்டைக் காலருக்கு உள்பக்கம் மையில் ஒரு குறி போடுவார்களே, அந்தக் குறியில் சட்டைக்காரர் விலாசமா இருக்கிறது? குறியைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினால் விலாசம் இருக்கும். அதே மாதிரி வாட்டர்மார்க்கில் வெறும் எண், விவரமெல்லாம் என் கணக்கு நோட்டில். கேடிகே என்பது ஊர், 18 எடுத்த வருஷம், எஃப் என்றால் நிரப்பியது, 07 வரிசை எண். சி2பிஏ தரநிலையிலும் இதே யோசனைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். பத்திரம் கழன்று போனாலும் வாட்டர்மார்க்கில் உள்ள எண்ணை வைத்துப் பத்திரத்தைத் தேடி எடுக்கலாம். அதை மென்பிணைப்பு என்று சொல்லலாம்.

சோதனைக்கு இருபது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் குறி வைத்து, அக்காவுக்கு அனுப்பி, திரும்ப வாங்கிப் படித்தேன். பன்னிரண்டு படித்தது. எட்டு படிக்கவில்லை. எட்டும் கணினியில் இருக்கும்போது ஒழுங்காகப் படித்தவை.

முதலில் வாட்ஸ்அப்பின் சுருக்கத்தைத்தான் சந்தேகப்பட்டேன். நானே கணினியில் 1600 அளவுக்குக் குறைத்து, ஜேபெக் தரத்தை 60 வரைக்கும் இறக்கிப் பார்த்தேன், அந்த எட்டும் படித்தன. அப்படியானால் சுருக்கம் இல்லை. இரண்டு நாள் வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்தேன். பிறகு எட்டையும் ஒரே திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் பட்டது: எட்டுமே நிற்கவைத்து எடுத்த படங்கள். படித்த பன்னிரண்டும் படுக்கை வாட்டம்.

கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் பல கேமராக்களும் போன்களும் புள்ளிகளைத் திருப்பி எழுதுவதில்லை. படுக்கையாகவே எழுதிவிட்டு எக்ஸிஃப்பில் "காட்டும்போது 90 பாகை திருப்பிக் காட்டு" என்று ஒரு எண் வைத்துவிடும். பார்த்தேன்:

```
exiftool -Orientation -n DSC_0412.jpg
Orientation : 6
```

6 என்றால் வலப்பக்கம் 90 பாகை. பைதானின் படத் தொகுப்பு அந்த எண்ணைக் கவனிக்காமல் புள்ளிகளை அப்படியே படுக்கையாகத் திறக்கிறது. நான் படத்தைப் பக்கவாட்டில் வைத்துக் குறி எழுதியிருக்கிறேன். முன்பே நான் எக்ஸிஃப்பைத் தனியாகத் திரும்ப ஒட்டும் வழக்கம் வைத்திருந்ததால் அந்த 6-ம் கோப்பில் தொடர்ந்து இருந்தது, பார்வைக்குப் படம் நேராகவே தெரிந்தது. என் கணினியில் படிக்கும்போது அதே பக்கவாட்டுப் புள்ளிகள், அதனால் படித்தது. வாட்ஸ்அப்போ நிஜமாகவே புள்ளிகளைத் திருப்பி எழுதிவிட்டது. குறியும் கூடவே 90 பாகை திரும்பிவிட்டது, படிப்பானுக்கு அது குறியாகவே தெரியவில்லை. வந்த படத்தை நானே இடப்பக்கம் 90 பாகை திருப்பிக் கொடுத்தேன், எட்டும் கிளி மாதிரி எண்ணைச் சொல்லின.

தீர்வு ஒரே வரி. குறி வைக்கும் முன்னால் புள்ளிகளை நிஜமாகவே நிமிர்த்திவிட வேண்டும்:

```python
from PIL import ImageOps
img = ImageOps.exif_transpose(Image.open('DSC_0412.jpg')).convert('RGB')
```

இதற்குப் பிறகு பழைய எக்ஸிஃப்பை ஒட்டினால் அந்த 6-ஐ ஒட்டாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் படம் இரண்டு தடவை திரும்பிவிடும். நிறச் சுயவிவரத்தையும் மறக்காமல் சேமிக்கும் வரியில் கொடுக்க வேண்டும். நான் அடோபி ஆர்ஜிபியில் வேலை செய்கிறவன், அது விட்டுப்போன ஒரு கோப்பில் குறிஞ்சியின் நீலம் சாம்பல் பூசினதுபோல் மங்கிப்போய் வந்தது. திருத்திய பிறகு மறுபடியும் இருபதையும் அனுப்பினேன், இருபதும் படித்தன.

அடுத்த கோளாறு வரிசையில். ஏற்கெனவே லேபிள் போட்டு வைத்திருந்த சில படங்களில் மேலே வாட்டர்மார்க்கை வைத்தேன். பைதான் கோப்பைப் புதிதாக எழுதுவதால் பத்திரம் போயே போய்விட்டது. சரி, பத்திரத்தைப் பிரித்து வைத்திருந்து திரும்ப ஒட்டலாமே என்று முயன்றால் assertion.dataHash.mismatch என்று வந்தது. வர வேண்டியதுதான். வாட்டர்மார்க் என்பதே புள்ளிகளை மாற்றுவது, கையெழுத்து மாற்றத்துக்கு முந்தைய புள்ளிகளுக்குப் போட்டது. அதனால் வரிசை இதுதான்: திருத்தம் எல்லாம் முடித்து, கடைசி அளவுக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தி, வாட்டர்மார்க் வைத்து, ஜேபெக்காகச் சேமித்து, எக்ஸிஃப் விவரங்களையும் அப்போதே சேர்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கையெழுத்து. அதன் பிறகு கோப்பின் பெயரை மாற்றலாம், வேறு எதையும் தொடக்கூடாது. எக்ஸிஃப்பில் காப்புரிமை வரி ஒன்றைப் பின்னால் சேர்த்ததற்கே ஒருமுறை அதே பிழை வந்தது, ஏனென்றால் ஹாஷ் புள்ளிகளுக்கு மட்டும் இல்லை, பத்திரம் இருக்கும் பகுதியைத் தவிரக் கோப்பு முழுவதற்கும்தான்.

வாட்டர்மார்க் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்களே, அதுவும் படத்தைப் பொறுத்தது. பூச்சரிவில் நூறு மடங்கு பெரிதாக்கினாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பூவும் இலையும் அவ்வளவு நெருக்கம். ஆனால் தூண் பாறையை மூடி மூடுபனி நிற்கும் ஒரு படத்தில், பனி மட்டும் இருக்கும் மேல்பாதியில், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் லேசான நிறத் திட்டுகள் தெரிந்தன. ஒரே சீரான வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்தப் படத்துக்கு மட்டும் model_type='P' என்று மாற்றினேன், அது படத் தரத்துக்கு முக்கியத்துவம் தருகிற வகை. திட்டு போய்விட்டது. ஒரு வகையில் எழுதியதை அதே வகையில்தான் படிக்க வேண்டும், பி-யில் எழுதியதைக் கியூ-வில் படித்தால் குறி இல்லை என்றே வரும். அதனால் எந்த வகை என்பதையும் நோட்டில் எழுதிவைக்கிறேன், சந்தேகமானால் இரண்டிலும் படித்துப் பார்க்கிறேன்.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட். ஸ்டேட்டஸிலிருந்து படத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அக்காவின் போனில் ஸ்டேட்டஸ் வைத்து, என் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படித்தால், இல்லை என்றது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை, பேட்டரிக் குறி, பதில் எழுதும் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரே படமாகப் போகிறது, அத்தனையையும் சேர்த்துச் சின்னதாகச் சுருக்கினால் குறி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. படத்தின் நான்கு ஓரத்தையும் ஒட்டி வெட்டிக் கொடுத்தேன், KDK18F07 என்று வந்தது. வெட்டுவதில் ஓரிரு புள்ளி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. படத்தையே ஓரத்தில் கொஞ்சம் வெட்டியிருந்தாலும் படித்தது, கால்வாசிக்கு மேல் வெட்டியதும் படிக்கவில்லை. பூவை மட்டும் வெட்டி எடுத்து யாராவது அனுப்பினால் என்னிடம் பிடி இல்லை.

இதில் ஒன்று முக்கியம், ஊரில் கேட்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குறி இல்லை என்றால் அந்தப் படம் நிஜம் என்று அர்த்தமில்லை. நான் வைக்காத படத்தில் என் குறி இருக்காது, அவ்வளவுதான். கூகுளின் சின்த்ஐடி மாதிரி ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவியில் தன் குறியை வைக்கிறது, ஒன்றின் குறியை இன்னொன்றின் படிப்பான் படிக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. டிரஸ்ட்மார்க் எல்லோருக்கும் திறந்தது, என் எண்ணைத் தெரிந்துகொண்ட யாரும் அதே KDK18F07-ஐ வேறொரு நல்ல படத்தில் எழுதி "இது ஏஐ நிரப்பியது, ஸ்டுடியோக்காரர் நோட்டிலேயே இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். செய்து பார்த்தேன், ஒரு நிமிஷ வேலை. அதனால் எண் கிடைத்தவுடன் தீர்ப்பு சொல்வதில்லை. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூலமும் திருத்தியதும் சின்னதாக அச்செடுத்து ஒட்டியிருக்கிறேன். வந்த படத்தை அதோடு கண்ணால் ஒப்பிட்டு, அதே சரிவு, அதே மேகம் என்றால் மட்டும்தான் ஆமாம் என்கிறேன்.

நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: எண், எடுத்த வருஷமும் இடமும், என்ன எடுத்தேன் என்ன நிரப்பினேன், வாட்டர்மார்க் வகை, யாருக்குக் கொடுத்தேன். 07-க்கு எழுதியிருப்பது: 2018, மன்னவனூர் வழி, மின்கம்பம் நீக்கம், இடது கீழ் மண்சரிவில் பூ நிரப்பியது, வலது ஓரம் ஆள் நீக்கம், கியூ.

பழைய கோப்பு ஏற்கெனவே வெளியே போனது போனதுதான், அதில் குறி இல்லை. அக்காவின் ஸ்டேட்டஸுக்குப் புதிய கோப்பைக் கொடுத்தேன், படத்தின் வானத்தில் "2018, திருத்திய படம்" என்று கண்ணுக்குத் தெரியும்படியும் எழுதி. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினேன், வாட்டர்மார்க்குக்கு முன்னாலேயே. அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை.

"படத்துல எழுத்து இருந்தா நல்லாவா இருக்கு தம்பி?"

"பூ பார்க்க வர்றவங்ககிட்ட நீங்கதானே அக்கா பதில் சொல்லணும்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார். ஆக்கிக் கொடுத்தேன், மறுபடி குறி வைத்து, மறுபடி கையெழுத்துப் போட்டு.

போன வாரம் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு ஜீப் ஓட்டுநர் கடைக்கு வந்தார். ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, பார்ட்டி இந்தப் பூவைப் பார்க்கணும்கிறாங்க, வண்டி எடுக்கலாமா?" என்றார். யாரோ எழுத்து இருந்த வானத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி, மேல் ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளைக் கோட்டை நீக்கிப் படிக்கவைத்தேன். முதல் தடவை இல்லை என்றது. மூலத்தோடு பக்கத்தில் வைத்து, வெட்டிய அளவுக்கு மேலே வெற்று வானத்தை ஒட்டி, படத்தைப் பழைய நீள அகலத்துக்குக் கொண்டுவந்து மறுபடி படிக்கவைத்தேன். KDK18F07. நோட்டைப் புரட்டி ஏழாவது வரியையும் ஒட்டியிருந்த இரண்டு படத்தையும் அவருக்குக் காட்டினேன். மண்சரிவு இருந்த மூலத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு, வெளியே போய் அந்தப் பார்ட்டிக்கு அங்கேயே அனுப்பினார்.